ஸ்கோர் வந்துவிட்டது, அப்புறம்? ஊழியர் சர்வே குறித்த வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் சர்வே முடிந்த பிறகு நடக்க வேண்டியதைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் சர்வேயில் 45 கேள்விகள். மிகக் குறைந்த ஸ்கோர் சம்பளத்துக்குத்தான். இந்த ஆண்டு அதில் கைவைக்க முடியாது என்கிறது நிர்வாகம். எதிலிருந்து தொடங்குவது? (எச்.ஆர். பிரிவு, கோவை)

குறைந்த ஸ்கோரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சம்பளக் கேள்வி பெரும்பாலான நிறுவனங்களில் கீழேதான் நிற்கும். எந்தக் கேள்வியின் பதில், "இங்கே வேலை செய்யும்படி நண்பருக்குச் சொல்வேன்" போன்ற பொதுக் கேள்வியின் பதிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். சர்வே நடத்தித் தந்த நிறுவனத்திடம் கேட்டால் இந்தக் கணக்கைத் தருவார்கள். பெயர் இல்லாத பதில்கள் எக்செலில் உங்களிடமே இருந்தால் ஒரு வரி போதும்:

```
=CORREL(C2:C181,AA2:AA181)
```

இதில் C நெடுவரிசையில் ஒரு கேள்வியின் பதில்களும் AA நெடுவரிசையில் பொதுக் கேள்வியின் பதில்களும் எண்களாக இருக்க வேண்டும். விடை 1-ஐ நெருங்க நெருங்க, இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன என்று பொருள். ஒன்றால்தான் மற்றது நடக்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது, எங்கே தோண்டலாம் என்று மட்டும் காட்டும். ஸ்கோர் குறைவாகவும் இந்த எண் அதிகமாகவும் உள்ள கேள்விகளில், மூன்று மாதத்துக்குள் உங்களால் மாற்றக்கூடிய ஒன்றிரண்டை எடுங்கள். பத்தை எடுத்தால் ஒன்றும் நடக்காது.

அதற்காகச் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். "இந்த ஆண்டு மாற்றம் இல்லை, காரணம் இது, அடுத்து பரிசீலிக்கும் மாதம் இது" என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கு முன் கருத்துப் பெட்டியில் எழுதியவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள். ஓவர்டைம் கணக்கு புரியவில்லை, சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கென்று தெரியவில்லை என்பதுபோன்ற குறைகளும் சம்பள ஸ்கோரில்தான் வந்து விழும். அவற்றை இந்த மாதமே சரிசெய்யலாம்.

என் டீமில் 7 பேர். போன முறை 71%, இந்த முறை 57%. மேனேஜர் விளக்கம் கேட்கிறார். (டீம் லீட், சென்னை)

7 பேரில் 5 பேர் சாதகமாகச் சொன்னால் 71%, 4 பேர் சொன்னால் 57%. ஆக, நீங்கள் விளக்கம் சொல்லவேண்டிய வித்தியாசம் ஒரே ஒருவருடைய பதில். இதை மேனேஜரிடம் அப்படியே காட்டுங்கள். அந்த ஒருவர் யார் என்று மட்டும் தேடாதீர்கள். பெயர் வெளியே வராது என்று நம்பித்தான் அவர் எழுதினார். டீமில் கருத்துகளைப் படித்துக் காட்டும்போதும் எழுதியவரின் சொற்களை அப்படியே வாசிக்க வேண்டாம், சாரத்தை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். அத்தனை சிறிய டீமில் ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே யாருடையது என்று தெரிந்துவிடும்.

"என் வேலை நேரம் முன்கூட்டியே தெரிவதால் வீட்டு வேலைகளைத் திட்டமிட முடிகிறது" என்ற கேள்விக்கு எங்கள் அசெம்பிளி பிரிவில் 46 பேரில் 17 பேரே ஆம் என்றார்கள். சூப்பர்வைசர் செயல்திட்டத்தில் "ஷிஃப்ட் குறித்த தகவல் தொடர்பை மேம்படுத்துதல்" என்று எழுதித் தந்திருக்கிறார். இது போதுமா? (தொழிற்சாலை எச்.ஆர்., ஓசூர்)

போதாது. திங்கட்கிழமை காலை யார் எதை வேறு மாதிரி செய்வார் என்பது அதில் இல்லை. அதைவிட, காரணம் தெரிவதற்கு முன்பே மருந்து எழுதிவிட்டார்கள்.

முதலில் ஏழெட்டுப் பேராக இரண்டு முறை உட்கார வையுங்கள். முதல் பாதியில் சூப்பர்வைசர் இருக்க வேண்டாம். "ஏன் குறைவாகப் போட்டீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "இந்தக் கேள்வியைப் படித்தபோது எந்த நாள் ஞாபகம் வந்தது?" என்று கேளுங்கள். சனி மாலை ஷிஃப்ட் பட்டியல் ஒட்டுகிறார்கள், திங்கள் காலை வந்தால் அது மாறியிருக்கிறது என்பதுபோல விவரங்கள் வெளிவரும். அப்புறம் பட்டியல் ஏன் தாமதம் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வாராந்திர உற்பத்தித் திட்டமே சனி மதியம்தான் பிளானிங் பிரிவிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னால், சிக்கல் தகவல் தொடர்பிலேயே இல்லை.

அப்படியானால் செயல்திட்டம் இப்படி இருக்க வேண்டும்: பிளானிங் மேனேஜர் அடுத்த வாரத் திட்டத்தை வியாழன் மாலை 4 மணிக்கு முடித்துத் தருகிறார். சூப்பர்வைசர் வெள்ளி மதியம் பட்டியலை ஒட்டுகிறார். அதற்குப் பிறகு மாற்றம் வந்தால், சம்பந்தப்பட்டவருக்குப் போனில் சொல்லி, காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதில் முதல் பொறுப்பு பிளானிங் மேனேஜருடையது. ஸ்கோர் வாங்கிய பிரிவின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதால்தான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

எட்டு வாரத்துக்கு இரண்டு எண்களைக் குறியுங்கள்: எத்தனை வெள்ளி சொன்ன நேரத்தில் பட்டியல் வந்தது, ஒட்டிய பிறகு வாரத்துக்கு எத்தனை மாற்றங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது குறையவே இல்லை என்றால் நிலைமை முன்பைவிட மோசம். வெள்ளியன்று பார்த்ததை நம்பி வீட்டில் திட்டம் போட்டவர் திங்களன்று ஏமாறுகிறார். அவசர ஆர்டர் வரத்தான் செய்யும், மாற்றமே இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

செய்ததை எப்படிச் சொல்வது? மெயில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

கம்ப்யூட்டர் முன் உட்காராதவர்களுக்கு மெயில் எதற்கு? ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில் சூப்பர்வைசர் வாயால் சொல்லட்டும், நோட்டீஸ் போர்டில் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓசூர் உதாரணத்துக்கே எழுதினால்:

"நீங்கள் சொன்னது: ஷிஃப்ட் பட்டியல் தாமதம், ஒட்டிய பிறகும் மாறுகிறது. மாறியது: இனி வெள்ளி மதியம் பட்டியல். கடந்த 8 வாரத்தில் 7 முறை வந்தது. மாறாதது: அவசர ஆர்டருக்காக மாற்றம் வரலாம், போனில் சொல்வோம். அடுத்த தகவல்: மாத முதல் திங்கள்."

அந்த 7-ஐக் கூசாமல் 7 என்றே போடுங்கள், தவறிய வாரம் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே திட்டமிட்டிருந்த கேன்டீன் வெள்ளையடிப்பை சர்வேயின் பலனாகக் காட்டவும் வேண்டாம். ஸ்கோரை மட்டும் பகிர்ந்துகொள்ள எட்டு வாரம் காத்திருக்காதீர்கள், முடிவு கைக்கு வந்த மூன்று நான்கு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாற்றம் செய்தோம். அந்தக் கேள்வியின் ஸ்கோர் 37-லிருந்து 52 ஆனது. மொத்த ஸ்கோர் அசையவில்லை. என்ன பயன் என்கிறார் இயக்குநர்.

ஓசூர் பிரிவைப் போல 46 பேர் உள்ள பிரிவில் அது ஏழு பேர் கூடுதல். இரண்டு முறையும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான் பதில் சொன்னார்களா என்று பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு மதியுங்கள். மொத்த ஸ்கோரை இழுக்கும் விஷயங்கள் பல, ஒன்றைச் சரிசெய்த உடனே அது நகராது.

அடுத்த சர்வேயில், "கடந்த சர்வேக்குப் பிறகு என் பிரிவில் ஏதாவது மாறியிருக்கிறது" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். பதிவேடு மாறியது என்கிறது, ஊழியர்கள் இல்லை என்கிறார்கள் என்றால் சொன்ன விதத்தில் கோளாறு. இரண்டுமே இல்லை என்றால் வேலை நடக்கவில்லை. மாறியது என்று ஊழியர்களே சொல்லியும் மொத்த ஸ்கோர் ஓர் ஆண்டாக நின்றால், அவர்களுக்கு முக்கியமில்லாத ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். அப்போது முதல் பதிலில் சொன்ன கணக்கைப் புதிய பதில்களை வைத்து மறுபடி போடுங்கள்.