மருமகன் கலாய்க்கிறான், முன்பின் தெரியாதவன் வம்புக்கு இழுக்கிறான்: எதற்குப் பதில், எதற்கு பிளாக்?

கேள்வி: வயது 66. கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை. பேரன் போன மாதம்தான் போனில் பேஸ்புக் போட்டுக் கொடுத்தான். பையன் வாங்கிய புதுக் காரோடு ஒரு போட்டோ போட்டேன். கீழே ஒருவர் ஃப்ளெக்ஸ் என்கிறார், இன்னொருவர் கிரிஞ்ச் என்கிறார். அக்கா மகன் கிண்டல் அடித்துவிட்டு "ரோஸ்ட்தான் மாமா, சும்மா" என்கிறான். யாரென்றே தெரியாத ஒருத்தன் கேவலமாகப் பேசுகிறான், பதில் சொல்லச் சொல்ல அதிகமாகிறது. பேரனைக் கேட்டால் "ட்ரோல் தாத்தா, விடுங்க" என்கிறான். எதற்குச் சிரிப்பது, எதற்குக் கோபப்படுவது? ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் அக்கா மகன். "மாமா, இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வண்டிய மேல ஏத்துனீங்களா?" என்று கேட்டிருக்கிறார். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உங்கள் வண்டியோ TN 43, உள்ளூர்ப் பதிவு. பாஸ் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறந்து வளர்ந்த ஊரிலேயே உங்களை டூரிஸ்ட் ஆக்கிவிட்டார், அதுதான் நக்கல். இதைத்தான் இப்போது ரோஸ்ட் என்கிறார்கள். நாம் கலாய்ப்பது, வச்சு செய்வது என்று சொல்வதேதான்.

ரோஸ்ட்டுக்கு எழுதாத விதிகள் உண்டு. சொல்பவர் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாம் செய்ததையோ போட்டதையோ கிண்டல் செய்யலாம். உடம்பு, சாதி, வீட்டுப் பெண்கள், நோய், கடன் பக்கம் போகக் கூடாது. திருப்பி அடிக்க நமக்கும் இடம் இருக்க வேண்டும். அக்கா மகன் இந்த மூன்றையும் மீறவில்லை. நீங்கள் அவருக்கு "பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில், "நீ மொதல்ல ஒரு கார் வாங்குடா, பாஸ் நான் எடுத்துத் தர்றேன்" என்று போட்டிருந்தால் சொந்தம் முழுக்க உங்கள் பக்கம் சிரித்திருக்கும். ரோஸ்ட்டுக்கு ஒரு வரிதான் பதில். இரண்டாவது வரி எழுதினால் அது சண்டையாகிவிடும்.

"செம ஃப்ளெக்ஸ் அங்கிள்" என்று தீ எமோஜியோடு போட்டவரைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் இல்லை இது. பந்தா காட்டுவது, சீன் போடுவது என்று பொருள், ஆனால் பாதி நேரம் பாராட்டாகவே சொல்கிறார்கள். "ஃப்ளெக்ஸ் ஓவரா இருக்கே" என்றால் மட்டும் கொஞ்சம் பொறாமை கலந்தது. இரண்டுக்கும் ஒரு லைக் போதும். உங்கள் போட்டோவில் நாங்கள் குறை சொல்வது வேறொன்றை: நம்பர் பிளேட் முழுதாகத் தெரிகிறது, வீட்டு வாசலும் தெரிகிறது. வண்டி எண்ணைக் குறிப்பிட்டு "அபராதம் பாக்கி, இந்த ஃபைலை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் போலி இ-சலான்கள் இப்போது சர்வ சாதாரணம். அடுத்த முறை போட்டோவைப் போடும்முன் பிளேட் மேல் ஒரு ஸ்டிக்கரையோ எமோஜியையோ ஒட்டிவிடுங்கள். குடும்பத்தோடு வெளியூர் போகும் போட்டோ என்றால் திரும்பி வந்த பிறகு போடலாம். போகும்போதே போட்டால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

கிரிஞ்ச் கொஞ்சம் நுட்பமான விஷயம். அடுத்தவர் செய்வதைப் பார்த்து நமக்கு உடம்பு கூசுமே, அந்தக் கூச்சம்தான் கிரிஞ்ச். பெரும்பாலும் அது காட்டும் பொருளால் வருவதில்லை, சொல்லும் தோரணையால் வருகிறது. நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, பானெட்டில் கை ஊன்றி, "உழைப்பவன் தோற்பதில்லை, தோற்பவன் உழைப்பதில்லை" என்று எழுதி, ஆறு ரோஜாவும் இரண்டு சிங்கமும் சேர்த்திருக்கிறீர்கள். கார் வாங்கியது பையன். படத்துக்கும் வாசகத்துக்கும் நடுவே அந்த இடைவெளி இருக்கிறதே, இளவட்டம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. "பையன் முதல் கார் எடுத்திருக்கிறான். குஞ்சப்பனை ஏற்றத்தை ஒரு சிரமமும் இல்லாமல் ஏறியது" என்று மட்டும் எழுதியிருந்தால் யாருக்கும் கூசியிருக்காது. தத்துவத்துக்குப் பதில் தகவல். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி கிரிஞ்ச் போய்விடும்.

ஆனால் இளசுகள் கிரிஞ்ச் என்று சொன்ன எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. அந்த வார்த்தையில் வயதைப் பற்றிய இளக்காரமும், சில நேரம் பணத்தையும் படிப்பையும் பற்றிய இளக்காரமும் கலந்திருக்கிறது. உங்கள் வயதுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவது மரியாதை. அதே படத்தைப் பேத்தியின் இன்ஸ்டாகிராம் போட்டோவுக்குக் கீழே, அவள் தோழிகள் பார்க்கும்படி ஒட்டினால்தான் அவளுக்குக் கூசும். அங்கே "நல்லா இருக்கும்மா" என்றால் போதும்.

இனி அந்த முகம் தெரியாத ஆள். "காட்டை அழிச்சு தேயிலை போட்டு சம்பாரிச்ச காசு, இதுல பெருமை வேற" என்று ஆரம்பித்திருக்கிறான். உங்கள் பதில்களையும் அவன் பதில்களையும் வரிசையாகப் படித்தால் ஒன்று தெரியும். தாத்தா காலத்துப் பட்டா நிலம் என்றீர்கள். உடனே அவன் யானை வழித்தடத்துக்குத் தாவினான். உங்கள் ஊரில் யானை வழியை யாரும் மறிக்கவில்லை என்றீர்கள். "பையன் லோன்ல வாங்குனானா, லஞ்சத்துல வாங்குனானா?" என்றான். அதற்கும் பதில் சொன்னதும், "பட்டா இருந்தா போடு பாப்போம்" என்றான். நீங்கள் சொன்ன எதையும் அவன் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவனுக்குத் தேவை உங்கள் கோபம் மட்டும்தான். அதுதான் ட்ரோல்.

நீலகிரியில் சோலைக்காடும் புல்வெளியும் தேயிலைக்காக அழிந்தது உண்மை. அதைப் பற்றிக் கேட்கிற எல்லோரும் ட்ரோல் இல்லை. பிரித்துப் பார்க்க வழி சுலபம்: ஒரே ஒரு முறை, அமைதியாக, ஒரு தகவலோடு பதில் போடுங்கள். அந்தத் தகவலைப் பிடித்து மேலே பேசினால் அது விவாதம், எவ்வளவு காரமாக இருந்தாலும் பேசலாம். அதை விட்டுவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டா, ஆதார், ஆர்.சி. புத்தகம் எதையும் நிரூபணத்துக்காகப் போடவே கூடாது. சூடேற்றி ஆவணத்தைப் போட வைப்பதும் ஒரு உத்திதான்.

பதில் சொல்லச் சொல்லப் பெருகுவதற்குக் காரணம், பேஸ்புக் கமெண்ட்டுகளை அடுக்கும் முறை. அங்கே பல பதிவுகளில் நேர வரிசையில் காட்டுவதில்லை. "Most relevant" என்ற வரிசையில் காட்டுகிறது. பதிலும் லைக்கும் விழுகிற கமெண்ட் மேலே வரும். திட்டினாலும் பாராட்டினாலும் அதற்கு ஒரே கணக்குதான். நீங்கள் எழுதிய ஒவ்வொரு பதிலும் அவன் வரியை மேலே தூக்கி, புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்தது.

இப்போது செய்ய வேண்டியதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் அவன் கமெண்ட்டுகளையும் அவன் பெயர் தெரியும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்து அவனுடைய முதல் கமெண்ட்டை விரலால் அழுத்திப் பிடித்து "Delete" கொடுங்கள். அதன் கீழே இருக்கும் உங்கள் பதில்களும் சேர்ந்தே போய்விடும். "Hide" கொடுத்தால் போதாது, அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும். அதன் பிறகுதான் அவன் பக்கத்துக்குப் போய் "Block". முதலிலேயே பிளாக் செய்துவிட்டால் கமெண்ட்டைத் தேடி அழிப்பது சிரமம்.

ஆளை நீக்கினாலும் கதவு திறந்தேதான் இருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே தேதி பக்கத்தில் சின்னதாக உலக உருண்டை இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அர்த்தம். அக்கா மகனின் கிண்டலுக்கு முன்பின் தெரியாத பத்துப் பேர் சிரிப்பு எமோஜி போட்டதும் அதனால்தான். சொந்தத்துக்குள் ரோஸ்ட்டாக இருப்பது தெருவுக்கு வந்ததும் மற்றவர்களுக்கு ட்ரோல் சரக்காகிவிடுகிறது. பதிவின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு, யார் பார்க்கலாம் என்கிற இடத்தில் "Friends" என்று மாற்றுங்கள். உருண்டை போய் இரண்டு ஆள் உருவம் வரும். உங்களுக்கு இதைவிடச் சுலபம் "Lock profile". உங்கள் பக்கத்துக்குப் போய், பெயருக்குக் கீழே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் இருக்கும். பழைய பதிவுகளும் சேர்த்து எல்லாமே நண்பர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். ஏற்கெனவே யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் மட்டும் இது எதுவும் தடுக்காது.

அவனிடம் "போலீஸில் சொல்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் புண்படப் பேசினால் பிடிக்கலாம் என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66A பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. வெறும் நக்கலுக்கு வழக்கு நிற்பது கஷ்டம், அது ட்ரோல்களுக்கும் தெரியும். ஆனால் கொலை மிரட்டல், வீட்டுப் பெண்களின் படத்தை மாற்றிப் போடுவது, பணம் கேட்டு மிரட்டுவது எல்லாம் வேறு. அப்போது பேச்சே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டோடு, பதிவின் லிங்க்கையும் நகலெடுத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்திலோ மாவட்ட சைபர் க்ரைம் போலீசிலோ புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைசி ஸ்கிரீன்ஷாட்டில், "வாழ்த்துக்கள் ஐயா, அருமையான கார், உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது, இன்பாக்ஸ் பாருங்கள்" என்று ஒரு பெண் பெயரில் இருக்கிறதே, அதற்கு நீங்கள் நன்றி சொல்லி ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். இருக்கிறதிலேயே ஆபத்தானது அதுதான். இன்பாக்ஸில் வந்த லிங்க்கைத் தொட வேண்டாம், ஓ.டி.பி. கேட்டால் சொல்ல வேண்டாம். அந்த கமெண்ட்டையும் அழுத்திப் பிடித்து, "Report" கொடுத்துவிட்டு, பிளாக் செய்துவிடுங்கள்.