ஏசாயா சுருளும் மசோரா பிரதியும்: 95 சதவீதம் ஒண்ணுங்கிறது சரியா?

கேள்வி: சார், எங்க சர்ச் பைபிள் ஸ்டடில ஒருத்தர் சவக்கடல் சுருள்ல இருக்கிற ஏசாயாவும் இப்ப நம்ம கையில இருக்கிறதும் 95 சதவீதம் ஒண்ணுன்னு சொன்னார். யூடியூப்ல இன்னொருத்தர் ஆயிரக்கணக்குல வித்தியாசம் இருக்குங்கிறார். அடுத்த வாரம் நான்தான் கிளாஸ் எடுக்கணும். எபிரேயு தெரியாத நான் இதை எப்படி செக் பண்றது?

பதில்: அந்த 95ஐ கிளாஸ்ல சொல்லாதீங்க. எதை எண்ணி வந்த நம்பர்னு கேட்டா பதில் வராது. எழுத்தை எண்ணுனா ஒரு கணக்கு, வார்த்தையை எண்ணுனா ஒரு கணக்கு, அர்த்தம் மாறுற இடத்தை மட்டும் எண்ணுனா வேற கணக்கு. நீங்க சொன்ன அந்த ரெண்டு பேருமே ஒரே சுருளைப் பாத்துட்டுதான் பேசுறாங்க, எண்ணுற பொருள்தான் வேற.

முதல்ல எதை எதோட ஒப்பிடுறோம்னு பாத்துடுவோம். 1947 வாக்குல சவக்கடல் ஓரத்துல இருக்கிற கும்ரான் பக்கத்து முதல் குகையில கிடைச்ச பெரிய ஏசாயா சுருள் தோல்ல எழுதினது, 17 தோலைச் சேத்துத் தைச்சிருக்காங்க, நீளம் 7 மீட்டருக்கு மேல, 54 நெடுவரிசையில 66 அதிகாரமும் இருக்கு. காலம் சுமார் கி.மு. 125. இந்தப் பக்கம் மசோரா பிரதிகள், அதாவது மசோரா அறிஞர்கள்னு சொல்ற யூத அறிஞர்கள் பாதுகாத்து வந்த எபிரேய வாசகத்தோட புஸ்தக வடிவக் கையெழுத்துப் பிரதிகள். கி.பி. 930 வாக்குல எழுதின அலெப்போ கோடெக்ஸ், 1008ல எழுதின லெனின்கிராட் கோடெக்ஸ். இன்னைக்கு செமினரில வச்சுப் படிக்கிற எபிரேய பைபிள் பெரும்பாலும் லெனின்கிராட்டை வச்சு அச்சடிச்சதுதான். ஆக இடைவெளி 1,100 வருஷத்துக்குப் பக்கம். சுருள்ல உயிர்க்குறி எதுவும் கிடையாது, அந்தப் புள்ளியெல்லாம் மசோரா அறிஞர்கள் பின்னாடி போட்டது, அதனால மெய்யெழுத்தை மட்டும்தான் ஒப்பிட முடியும்.

ஆயிரக்கணக்குல வித்தியாசம்னு சொல்றவங்க எண்ணுறதுல பெரும்பங்கு ஸ்பெல்லிங்தான். தாவீதுங்கிற பேரை மசோரா ஏசாயா மூணு எழுத்துல எழுதும், சுருள் நடுவுல ஒரு யோத் சேத்து நாலு எழுத்தா எழுதும். "இல்லை"ங்கிற சின்ன வார்த்தைக்கும் சுருள்ல ஒரு வாவ் கூடுதலா வரும். உயிர்க்குறி இல்லாத காலத்துல வாசிக்கிறவன் தடுமாறக்கூடாதுன்னு எழுதினவர் இப்படி எழுத்தைத் தாராளமா போட்டிருக்கார். அந்த சின்ன வார்த்தை புஸ்தகம் முழுக்க எத்தனை தடவை வருதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணும் எண்ணிக்கையில ஏறும், ஆனா ஒரு வசனத்தோட பொருளும் மாறாது.

இப்ப நிஜமா முக்கியமான இடங்களுக்கு வர்றேன். தமிழ் பைபிள்ல ஏசாயா 40:7, 8 எடுத்து வச்சுக்கோங்க. "புல் உலர்ந்து, பூ உதிரும்"ங்கிறது ரெண்டு வசனத்துலயும் வருதா? எபிரேயுல ரெண்டு வசனமுமே அதுலதான் ஆரம்பிக்கும். சுருளை எழுதினவர் அதை ஒரு தடவை எழுதிட்டு நேரா "நமது தேவனுடைய வசனமோ"வுக்குப் போயிட்டார், நடுவுல இருக்கிற கர்த்தரின் ஆவி ஊதுறதும் "ஜனமே புல்"லும் முதல் கையெழுத்துல இல்லவே இல்ல. பிறகு வேற ஒருத்தர் விட்டுப்போனதை வரிக்கு மேல பொடியா எழுத ஆரம்பிச்சு, இடம் பத்தாம ஓரத்துல கீழ்நோக்கி எழுதி முடிச்சிருக்கார். கர்த்தருடைய பேர் வர வேண்டிய இடத்துல அவர் பேரை எழுதாம நாலு புள்ளி வச்சிருக்கார். ஃபோட்டோவுல இது தெளிவாத் தெரியும், எபிரேயு தெரியாதவங்களுக்கும் தெரியும், கிளாஸ்ல காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

கண்ணு ஒரே சொல்லுல இருந்து அடுத்த இடத்து அதே சொல்லுக்குத் தாவுறது கையால காப்பி எடுக்கிற எல்லாருக்கும் நடக்கிற தப்புதான். ஆனா ஒண்ணு கவனிங்க, செப்டுவஜின்ட்ங்கிற பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலயும் அதே பகுதி இல்ல. அதனால சில அறிஞர்கள் குட்டை வாசகம்தான் மூலம், நீளமானது பின்னாடி சேந்ததுன்னு சொல்றாங்க. ஒரே மாதிரி ரெண்டு வரி இருக்கிற இடத்துல ரெண்டு பேர் தனித்தனியா தாவியிருக்கவும் வாய்ப்பு நிறையவே இருக்கு, நான் அந்தப் பக்கம்தான். ஆனா முடிஞ்சுபோன வழக்குன்னு யாரும் சொல்லக்கூடாது.

இதுக்கு நேர் எதிரான கேஸ் 53:11. நம்ம பழைய தமிழ் பைபிள்ல "தமது ஆத்தும வருத்தத்தின் பலனைக் கண்டு திருப்தியாவார்"னு இருக்கும். மசோரா வாசகத்துல "காண்பார், திருப்தியாவார்"னு மட்டும்தான் இருக்கு, எதைக் காண்பார்னு சொல்லல. பெரிய சுருள்ல "ஒளியைக் காண்பார்"னு இருக்கு. இந்த ஒரு சுருள் மட்டும் சொல்லியிருந்தா நான் தயங்குவேன். ஆனா அதே முதல் குகையில கிடைச்ச இன்னொரு ஏசாயா சுருள்லயும், நாலாம் குகைப் பிரதி ஒண்ணுலயும் ஒளி இருக்கு, செப்டுவஜின்ட்லயும் இருக்கு. அந்த ரெண்டாவது சுருள் சிதைஞ்சு போனது, ஆனா மிஞ்சின பகுதி மசோராவோட ரொம்ப நெருக்கமா ஒத்துப்போகும், அப்படிப்பட்டதே இங்க மசோராவை விட்டு விலகுதுன்னா அந்த சாட்சிக்கு வெயிட் அதிகம். எபிரேயுல "காண்பார்", "ஒளி" ரெண்டுலயும் ரேஷ், ஆலெஃப் எழுத்துங்க வர்றதால பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது ஒண்ணு விட்டுப்போறதும் சுலபம். இங்க சுருள் பக்கம்தான் சரின்னு நான் தைரியமா சொல்வேன்.

அப்ப பழசுதான் எப்பவும் சரின்னு கிளாஸ்ல யாராவது சொன்னா 6:3ஐக் காட்டுங்க. "பரிசுத்தர்" மூணு தடவை நமக்குத் தெரியும், பெரிய சுருள்ல ரெண்டு தடவைதான் இருக்கு. செப்டுவஜின்ட்ல மூணு இருக்கு, மசோராவுல மூணு இருக்கு. ஒரே வார்த்தை அடுத்தடுத்து வர்றப்ப ஒண்ணு தவறிப்போச்சு, அவ்வளவுதான்.

7:14 பத்தியும் கட்டாயம் கேப்பாங்க. கன்னியான்னு சண்டை நடக்கிற அந்த எபிரேய வார்த்தை, அல்மா, ரெண்டுலயும் அதேதான், சுருள் இந்த விவாதத்துக்குப் புதுசா எதுவும் தரல. இம்மானுவேல்ங்கிற பேரை சுருள் ஒரே வார்த்தையா எழுதுது, லெனின்கிராட் ரெண்டா பிரிச்சு எழுதுது.

நீங்களே செக் பண்ண, ஜெருசலேம்ல இருக்கிற இஸ்ரேல் மியூசியம் சுருள் முழுசையும் ஆன்லைன்ல போட்டிருக்கு, அதிகாரம், வசனம் வாரியா போகலாம், ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. யாராவது ஒரு வித்தியாசம் சொன்னா இந்த வரிசையில கேளுங்க: ஸ்பெல்லிங் மட்டுமா, பொருள் மாறுதா? பொருள் மாறுதுன்னா பெரிய சுருள்ல மட்டுமா, மத்த கும்ரான் பிரதியிலயும் உண்டா? (கும்ரான்ல ஏசாயா பிரதி 20க்கு மேல கிடைச்சிருக்கு, பலது துண்டுதான்.) செப்டுவஜின்ட் என்ன சொல்லுது? கடைசியா, கண்ணு தாவ வாய்ப்பிருக்கிற இடமா? ஆங்கில ஆர்எஸ்வி மொழிபெயர்ப்புக் குழு 1952ல சுருளை நம்பி 13 இடத்துல வாசகத்தை மாத்துனாங்க, அந்தக் குழுவுலயே இருந்த மில்லர் பரோஸ் பின்னாடி அதுல சிலது அவசரம்னு எழுதினார். சுருளை முதன்முதலா பதிப்பிச்சவரும் அவர்தான்.

இன்னொண்ணு, ஏசாயாவைக் காட்டி பழைய ஏற்பாடு மொத்தமும் இப்படித்தான்னு பேசிடாதீங்க. நாலாம் குகையில கிடைச்ச ஒரு எரேமியா துண்டு மசோராவோட ஒத்துப்போகல, செப்டுவஜின்ட்ல இருக்கிற சுருக்கமான எரேமியாவோடதான் ஒத்துப்போகுது, அங்க வசனங்களோட வரிசையே வேற. அதனால ஒவ்வொரு புஸ்தகத்தையும் தனித்தனியாத்தான் பாக்கணும்.