எந்த ஸ்லாபில் சரக்கு எடுப்பது? மொத்த வியாபாரிகளுக்கான கேள்வி பதில்

திருச்சி, காகித மொத்த வியாபாரம்: ஏ4 பேப்பர் வருஷத்துக்கு 3,600 பெட்டி போகிறது, மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவு. டிப்போவில் 300-க்குக் கீழே எடுத்தால் பெட்டி 1,000 ரூபாய், 300 எடுத்தால் 985, 600 எடுத்தால் 978, 1,200 எடுத்தால் 972. ஒரு லோடு இறக்கினால் 2,000 ரூபாய் செலவு. 1,200 எடுக்கச் சொல்லி ரெப் விடாமல் கேட்கிறார். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். 600 எடுங்கள்.

முதலில் அந்த 2,000 ரூபாயைச் சரிபாருங்கள். லோடு வந்தாலே ஆகிற செலவு மட்டும் அதில் இருக்க வேண்டும்: கூடுதல் ஆள், சரக்குச் சரிபார்ப்பு, கணக்கு வேலை, லாரி ஆபீஸின் நிலையான கட்டணம். பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்கிற இறக்குக்கூலியும் டன் கணக்கு வாடகையும் அதில் வராது, அவை விலையோடு சேர வேண்டியவை. இதை மாற்றிப் போட்டால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் தப்பாகும். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரக்கு வைத்திருக்கும் செலவை, ஓ.டி. வட்டி, குடோன், ஈரத்தில் கெடும் ரீம் எல்லாம் சேர்த்து, வருஷத்துக்கு விலையில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். D வருஷ விற்பனை, S ஒரு லோடின் செலவு, H ஒரு பெட்டியை ஒரு வருஷம் வைத்திருக்கும் செலவு, Q ஒரு லோடில் எடுக்க வேண்டிய பெட்டி:

```
Q = √(2 × D × S / H)
```

எப்போதும் மலிவான விலையிலிருந்தே தொடங்குங்கள். 972 ரூபாயில் H 194.40, விடை 272 பெட்டி. ஆனால் 272 பெட்டி எடுப்பவருக்கு 972 விலை கிடையாது. 978-இலும் 985-இலும் இதே கதைதான், 271, 270 என்று வரும். 1,000 ரூபாயில் மட்டும் 268 வருகிறது, அந்த விலைக்கு அது செல்லும். ஆகவே ஒப்பிட வேண்டியவை நான்கு: 268, பிறகு ஒவ்வொரு ஸ்லாபின் தொடக்க எண்ணான 300, 600, 1,200.

ஒவ்வொன்றுக்கும் சரக்கு விலை, லோடு செலவு, வைத்திருக்கும் செலவு மூன்றையும் கூட்டுங்கள். 600-க்குப் போட்டுக் காட்டுகிறேன். 3,600 பெட்டிக்கு விலை 35,20,800. வருஷத்தில் 6 லோடு, 12,000. குடோனில் சராசரியாக 300 பெட்டி இருக்கும், அதை வைத்திருக்க 58,680. மொத்தம் 35,91,480. இதே வழியில் 268-க்கு 36,53,666, 300-க்கு 35,99,550, 1,200-க்கு 36,21,840 வரும். ரெப் சொன்னபடி 1,200 எடுத்தால் வருஷத்துக்கு 30,360 ரூபாய் கூடுதலாகப் போகும். 1,200 எடுக்கும்போது வைத்திருக்கும் செலவு மட்டும் 1,16,640.

தொடக்க எண்ணைத் தாண்டியும் போகாதீர்கள். உங்கள் கணக்கில் 640 எடுத்தாலும் விலை 978-தான், வைத்திருக்கும் செலவு மட்டும் கூடும்.

நாகர்கோவில், பிளாஸ்டிக் சாமான்: குறைந்த விலை எதுவோ அதை எடுத்தால் முடிந்தது. இதற்கு எதற்குச் சூத்திரம்?

1,200 பெட்டியின் கணக்கு மேலே இருக்கிறது.

கரூர், ஜவுளி: அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? எனக்கு வங்கிக் கடன் இல்லை, வெளியில் இரண்டு வட்டிக்குத்தான் வாங்குகிறேன். என் சதவீதம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

இன்று வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. அந்தச் சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: ஒரு ஸ்லாப் மேலே ஏறினால், கூடுதலாக முடங்குகிற பணம் எத்தனை சதவீதம் சம்பாதித்துத் தருகிறது?

திருச்சிக்காரர் கணக்கையே எடுப்போம். 300-லிருந்து 600-க்கு ஏறினால் விலையில் 25,200 மிச்சம், லோடு செலவில் 12,000 மிச்சம், ஆக 37,200. சரக்கில் சராசரியாக முடங்கும் பணம் 1,47,750-லிருந்து 2,93,400 ஆகிறது, அதாவது 1,45,650 கூடுதல். அந்தப் பணம் வருஷத்துக்கு 25.5 சதவீதம் ஈட்டுகிறது. அடுத்து 600-லிருந்து 1,200-க்கு ஏறிப் பாருங்கள். மிச்சம் 27,600, கூடுதலாக முடங்குவது 2,89,800. அது ஈட்டுவது 9.5 சதவீதம்தான்.

இப்போது உங்கள் செலவு 20-ஆ 22-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 9.5-க்கும் 25.5-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் விடை 600-தான். உங்கள் நிலைமை வேறு. இரண்டு வட்டி என்றாலே வருஷத்துக்கு 24 சதவீதம், குடோனும் சேதமும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டும். இதே விலைப்பட்டியல் உங்கள் கையில் இருந்தால் 300-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே டிப்போ, ஒரே விலை, ஆனால் இரண்டு கடைக்கு இரண்டு விடை. பக்கத்துக் கடைக்காரர் எடுக்கிறார் என்று எடுக்காதீர்கள்.

கோவை, ஹார்டுவேர்: ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். சப்ளையர் 30 நாள் கடன் தருகிறார். 300 பெட்டி சரியாக ஒரு மாதத்தில் விற்றுப்போகிறது. பில் கட்டுமுன் பணம் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு வட்டிக் கணக்கு?

பாதி சரி. நீங்கள் 300 எடுத்தாலும் 1,200 எடுத்தாலும் 30 நாள் கடன் என்றால், சப்ளையருக்கு நீங்கள் வைத்திருக்கும் பாக்கி சராசரியாக ஒரு மாத விற்பனையின் மதிப்புதான். லோடு பெரிதானால் பாக்கியும் பெரிது, ஆனால் அதே அளவுக்கு அரிதாக வரும். ஆகவே கடன் வசதி எல்லா ஸ்லாபுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு உதவுகிறது. ஸ்லாப் ஏறினால் கூடுதலாக முடங்கும் 1,45,650 அப்படியே இருக்கும்.

கோவை, ஹார்டுவேர்: ஒப்புக்கொள்ள மாட்டேன். 300 எடுத்தால் என் கைப்பணம் ஒரு ரூபாய்கூட இறங்குவதில்லை. 600 எடுத்தாலும் இரண்டாவது மாதம் மட்டும்தான் கைப்பணம் போடுகிறேன், அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது. நீங்கள் இரண்டு மாதத்துக்கும் வட்டி போடுகிறீர்கள்.

முதல் மாதம் விற்ற பணம் எங்கே இருக்கிறது? ஓ.டி. கணக்கில் போட்டால் அன்றைக்கே வட்டி குறைகிறது. அந்த லாபம் 300 எடுக்கிறவருக்கு மாதாமாதம் கிடைக்கிறது, 600 எடுக்கிறவருக்கு ஒன்றுவிட்டு ஒரு மாதம் கிடைக்கிறது. அதைச் சேர்த்தால் என் கணக்கு நிற்கும்.

சென்னை, தணிக்கையாளர்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஓ.டி. இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கோவைக்காரரிடம் ஓ.டி. இல்லை, பணம் நடப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது என்றால் அவர் சொல்வதுதான் சரி. சும்மா கிடக்கும் பணத்துக்கு யார் வட்டி தருகிறார்கள்?

ஏற்கிறேன். கையில் கிடக்கும் பணத்துக்கு வேறு வேலையே இல்லாத கடைக்குப் பெரிய ஸ்லாப் நான் காட்டியதைவிட மலிவு. ஆனால் இரண்டு மாதமும் எதிலும் போடாமல் பணத்தை வைத்திருக்கும் ஹார்டுவேர் வியாபாரியை நான் பார்த்ததில்லை. இன்னொரு சரக்கு வாங்கப் போய்விடும்.

கோவை, ஹார்டுவேர்: நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன் ஐயா.

அப்படியானால் உங்கள் கடைக்கு உங்கள் கணக்கு. மற்றவர்கள் தங்கள் பாஸ்புக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஈரோடு, பேக்கிங் சாமான்: எங்கள் சப்ளையர் முதல் 300-க்கு 1,000 வாங்குவார். அதற்கு மேல் எடுப்பதற்கு மட்டும்தான் 985. மற்றதெல்லாம் திருச்சிக்காரர் மாதிரியே. 300 எடுக்கலாமா?

உங்களுக்கு 300 ஒருபோதும் விடையாக வராது. இது வருமான வரி ஸ்லாப் போன்றது, மேலே இருக்கும் பகுதிக்கு மட்டும் புது விகிதம். சரியாக 300 எடுத்தால் ஒரு பெட்டிக்குக்கூடத் தள்ளுபடி இல்லை.

ஒவ்வொரு லோடிலும் முதல் 300 பெட்டிக்கு 15 ரூபாய் வீதம் 4,500 அதிகமாகக் கொடுக்கிறீர்கள். லோடு வரும்போதெல்லாம் ஆகும் செலவு என்பதால் அதை 2,000-உடன் சேருங்கள், 6,500. 985-இன் 20 சதவீதம் 197. அதே சூத்திரத்தில் 487 பெட்டி வருகிறது. 300-ஐத் தாண்டியிருப்பதால் செல்லும். 1,000 ரூபாயில் 268 எடுப்பதைவிட வருஷத்துக்குச் சுமார் 11,000 ரூபாய் மிச்சம். இதே 985 எல்லாப் பெட்டிக்கும் கிடைத்திருந்தால் மிச்சம் 54,000-ஐத் தொட்டிருக்கும். விலைப்பட்டியல் இரண்டும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். தள்ளுபடி எல்லாப் பெட்டிக்குமா, மேலே உள்ளதற்கு மட்டுமா என்று பேசும் முதல் நாளே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

விருதுநகர், பருப்பு மொத்த வியாபாரம்: துவரம் பருப்பு விலை ஏறப்போகிறது என்கிறார்கள். எவ்வளவு எடுக்கலாம்?

அது விலையைக் கணித்து வாங்கும் வியாபாரம். இந்தச் சூத்திரம் அதற்கு இல்லை.

தென்காசி, பட்டாசு: தீபாவளிக்கு எத்தனை கேஸ்?

ஒரே பருவத்தில் விற்கும் சரக்குக்கும் இது பொருந்தாது. மிஞ்சினால் எவ்வளவு நட்டம், தீர்ந்துபோனால் எவ்வளவு நட்டம் என்று பார்க்கும் வேறு கணக்கு உண்டு. தனியாகக் கேளுங்கள்.

சேலம், பி.காம். மாணவி: இதை வில்சன் சூத்திரம் என்று படிக்கிறோம். அவர்தான் கண்டுபிடித்தாரா?

1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டது, அம்மா. ஆர்.எச். வில்சன் 1934-இல் எழுதிய கட்டுரையால் அவர் பெயரில் பரவிவிட்டது.

திண்டுக்கல், சோப்பு ஏஜென்சி: வருஷம் முழுக்க 10 லட்சத்துக்கு எடுத்தால் 2 சதவீதம் கிரெடிட் நோட் தருகிறார்கள். அதற்காகப் பெரிய லோடாக எடுக்கலாமா?

தேவையில்லை. அந்தத் தள்ளுபடி வருஷ மொத்தத்துக்கு, ஒரு லோடின் அளவுக்கு இல்லை. சின்னச் சின்ன லோடாக எடுத்தாலும் 10 லட்சம் எட்டிவிடும். மார்ச் கடைசியில் இலக்குக்காக மொத்தமாக அள்ளுவதுதான் ஆபத்து. அந்தச் சரக்கு விற்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கிட்டுவிட்டு எடுங்கள்.

நாகர்கோவில், பிளாஸ்டிக் சாமான்: என் சப்ளையர் 2,000 டஜன் எடுத்தால் 1 ரூபாய் குறைக்கிறார். குறைந்த விலைதானே?

எத்தனை டஜன் விற்கிறீர்கள், ஒரு லோடுக்கு என்ன செலவு, இப்போது என்ன விலை, எதுவும் எழுதவில்லை. கரூர்க்காரருக்குச் சொன்ன வழியில் மிச்சத்தைக் கூடுதலாக முடங்கும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். லோடு செலவில் பெட்டிக்கூலியைச் சேர்க்காதீர்கள்.

திருச்சி, காகித மொத்த வியாபாரம்: 600 என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் குடோனில் 550 பெட்டிதான் நிற்கும். மழைக்காலத்தில் தரையோரம் அடுக்கவும் முடியாது.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. 300-ஐவிட 600-இன் லாபம் வருஷத்துக்கு 8,070 ரூபாய்தான். மீதிப் பெட்டிக்கு வெளியே இடம் பிடிக்க மாதம் 670 ரூபாய்க்கு மேல் ஆனால் அந்த லாபம் போய்விடும். அப்போது 300-க்கே வாருங்கள். அதற்கு முன் டிப்போவில் ஒன்று கேளுங்கள்: 600-க்கு பில் போட்டு, இரண்டு வாரம் விட்டு இரண்டு லோடாக அனுப்புவார்களா? சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் லோடு செலவு இரண்டு முறை ஆகும், அதைச் சேர்த்துத் திரும்பக் கூட்டுங்கள்.