ஜன்னலைச் சாத்தினால் நெட் போகிறது

கேள்வி: கோத்தகிரியில் பழைய வீடு. பகலில் நன்றாக ஓடும் ஃபைபர் நெட், சாயங்காலம் குளிருக்கு ஜன்னலைச் சாத்தியதும் விட்டுவிட்டு வருகிறது. LOS என்ற சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கேபிள் அந்த ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் RX Power பகலில் -20, ராத்திரியில் -28 என்று காட்டுகிறது. புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பெட்டியில் கோளாறு என்றால் ஜன்னலைத் திறந்ததும் அது சரியாகாது.

அந்த இரண்டு எண்களே விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. மைனஸில் எண் 3 கூடினால் வந்து சேரும் ஒளி பாதியாகிறது. 8 கூடியிருக்கிறது என்றால், பகலில் வருவதில் ஆறில் ஒரு பங்குதான் ராத்திரியில் வருகிறது. வீடுகளில் வைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் -27 வரை தாங்கும், அதற்குக் கீழே தடுமாறும். மழைக்காலத்தில் மரச்சட்டம் ஊதி இடுக்கு குறுகும். கேபிள் நசுங்கி, கண்ணாடி இழை வளைகிற இடத்தில் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். இழை உடையவில்லை என்பதால்தான் ஜன்னலைத் திறந்ததும் பழையபடி வருகிறது. இப்படியே தினமும் நசுங்கினால் ஒரு நாள் விரிசல் விடும்.

கேபிள் வரும் வழியை மாற்றும்வரை அந்த ஜன்னல் கதவை மட்டும் முழுசாகச் சாத்தாமல், இடுக்கைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். கேபிளை இழுக்கவோ, மடிந்த இடத்தை விரலால் நிமிர்த்தவோ வேண்டாம். மிச்சக் கேபிளைக் காபி டபராவின் வாயைவிடச் சின்ன வட்டமாகச் சுற்றக் கூடாது. ஆணியோ ஸ்டேப்ளரோ அடிக்கவும் கூடாது.

ஒருவேளை அறுந்தே போனால், முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. உங்கள் பெட்டியை அணைத்தாலும் நிறுவனத்தின் பக்கமிருந்து அது வந்துகொண்டுதான் இருக்கும். உதிர்ந்த துணுக்கு முடியளவு மெல்லிய கண்ணாடி. தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கையால் தடவாமல் செலோ டேப்பில் ஒற்றி எடுத்துப் பத்திரமாகப் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

புகார் கொடுக்கும்போது இரண்டு எண்களையும் படமெடுத்துக் காட்டி, கேபிள் வரும் வழியை மாற்றித் தரச் சொல்லுங்கள். சுவரில் வெளிப்பக்கம் தாழ்வாகச் சாயும்படி துளை போட்டு, வெளியே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு உள்ளே ஏற்றினால் மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்காது. நசுங்கிய துண்டை வெட்டி நீக்கி, இழைகளை மெஷினில் உருக்கி ஒட்டச் சொல்லுங்கள். டேப் சுற்றிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் கிளம்பும் முன் ஜன்னலைச் சாத்தச் சொல்லி RX Power பாருங்கள். -20 பக்கத்திலேயே நின்றால்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள்.