ஆடை ஒத்திகை நாளில் சீருடை

"பள்ளி ஆண்டு விழா அட்டவணையைக் குடியிருப்புப் பலகையில் ஒட்டினேன். ஆடை ஒத்திகைக்குப் பாதிப் பிள்ளைகள் சீருடையில் போய்விட்டார்கள். எப்படி எழுதுவது?"

தேதிவாரியாக எழுதியிருப்பீர்கள். பெற்றோர் தேடுவது தம் பிள்ளையின் வகுப்பைத்தான், அதையே தலைப்பாக்குங்கள். உடையை ஒவ்வொரு நாளுக்கும் எழுதுங்கள், சீருடை நாளுக்கும்கூட. இப்படி:

"3ஆம் வகுப்பு, கும்மி. வியாழன்: சீருடை, ஒத்திகை மாலை 3.30 முதல் 5 வரை. வெள்ளி: பாவாடை சட்டை வீட்டிலேயே உடுத்தி, ஒப்பனையில்லாமல் பிற்பகல் 2 மணிக்கு. சனி: பிள்ளைகள் 3.30க்கு, பெற்றோர் 5க்கு, விழா 5.30க்கு."

விழா நேரத்தை மட்டும் போட்டால் பிள்ளையையும் அந்நேரத்துக்கே அழைத்து வருவார்கள். சடை பின்னவே நேரம் இருக்காது. ஒத்திகை நாள்களில் பள்ளிப் பஸ் உண்டா என்பதையும் சேருங்கள். இல்லையேல் உங்கள் வீட்டு அழைப்புமணி ஓயாது.