நைட் ஷிஃப்டும் பூனையின் சாப்பாட்டு நேரமும்

கேள்வி: இரவு 9 முதல் காலை 6 வரை வேலை. பகலில் தூங்கினால் மதியம் பூனை கத்தி எழுப்புகிறது. லீவு நாளில் எல்லாமே குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மதியச் சாப்பாடு உங்கள் கையிலிருந்து வரக்கூடாது. கத்தியதும் எழுந்து ஒருமுறை போட்டாலே, கத்தினால் சாப்பாடு வரும் என்று அது கற்றுக்கொள்ளும். டைமர் உள்ள ஃபீடரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். மின்வெட்டில் நிற்காதபடி பேட்டரியும் போடும் வகையாக இருக்கட்டும்.

4 கிலோ பூனைக்கு உலர் தீவனம் நாளுக்குச் சுமார் 50 கிராம் என்று வைப்போம் (பாக்கெட் அட்டவணையையும் பாருங்கள்). காலை 7 மணிக்கும் இரவு 7.30-க்கும் நீங்கள் 15 கிராம் போடுங்கள். மதியம் 1 மணிக்கும் இரவு 2 மணிக்கும் ஃபீடர் 10 கிராம் போடட்டும். மழைக்காலத்தில் தீவனம் நமத்து ஃபீடரின் வாயில் அடைத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு நாளுக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

நீங்கள் போடும் இரு வேளைக்கும் முன் 10 நிமிடம் இறகுக் குச்சியால் விளையாட்டு. கடைசியில் வேகத்தைக் குறைத்து, பிடிக்க விடுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பதே பூனையின் இயல்பான வரிசை. சாப்பாட்டுக்குப் பின் விளையாடினால் அந்த வரிசை கலைந்துவிடும், சில பூனைகள் வாந்தியும் எடுக்கும்.

லீவிலும் இந்த நான்கு நேரங்களை மாற்றாதீர்கள். இந்த முறைக்கு மாறிய முதல் சில நாள் கத்தல் கூடத்தான் செய்யும். அப்போது இறங்கிவந்தால் பழக்கம் இன்னும் வலுக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பட்டினி பூனையின் கல்லீரலைக் கெடுக்கும்.