உள்நாட்டுப் பணம் சரிந்துகொண்டே போனால் சேமிப்பு என்ன ஆகும்?

“வைப்புக்கு 8% வட்டி வருகிறது. நாட்டுப் பணத்தின் மதிப்பு குறைந்தால் எனக்கென்ன நஷ்டம்? வெளிநாட்டு முதலீடு உதவுமா?”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலர் 100 என்று இருக்கும்போது ஒரு லட்சம் போடுகிறீர்கள். அது 1,000 டாலருக்குச் சமம். பத்து வருடத்தில் 8% கூட்டு வட்டியில் அது சுமார் 2,15,900 ஆகும். இதற்குள் டாலர் ஆண்டுக்கு 10% ஏறியிருந்தால், விலை 259. கையில் இருப்பது 832 டாலர்தான். பாஸ்புத்தகத்தில் இரட்டிப்பு, வாங்கும் சக்தியில் ஆறில் ஒரு பங்கு காலி. எரிபொருள், மருந்து, வெளிநாட்டுப் படிப்பு என்று டாலர் விலையோடு ஒட்டியவற்றில்தான் இந்த அடி முதலில் தெரியும்.

அதே 1,000 டாலரை 3% மட்டுமே தரும் டாலர் பத்திரத்தில் வைத்திருந்தால் 1,344 டாலர், உள்நாட்டுப் பணத்தில் ஏறக்குறைய 3,48,600.

சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? வேண்டாம். டாலர் ஆண்டுக்கு 5% மட்டும் ஏறியிருந்தால் உள்நாட்டு வைப்பில் 1,325 டாலர் நின்றிருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே வட்டி விகிதத்தையும் சரிவு வேகத்தையும் சேர்த்தே பாருங்கள். அவசரச் செலவுக்கான பணம் உள்நாட்டிலேயே இருக்கட்டும். பின்னாளில் வெளிநாட்டு நாணயத்தில் செலவாகப்போகும் அளவை மட்டும், நாட்டின் அனுமதி வரம்புக்குள், மாதாமாதம் சிறுகச் சிறுக மாற்றுவது என் வழக்கம். ஒரே வாரத்தில் பணம் சரிந்த பீதியில் மொத்தமாக வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் உச்ச விலையில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம், பல நாடுகளில் நாணய மாற்றத்தால் வரும் லாபத்துக்கும் வரி உண்டு.